வரைவு மினிட்ஸ் குழுவுக்குப் போகும் முன்: அடுக்குமாடிச் சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் புறநகரிலும் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டம் முடிந்து சில நாளில் செயலாளரிடமிருந்து உங்களுக்கு ஒரு வரைவு வருகிறது. கூடவே, "பார்த்துட்டு ஓகே சொல்லுங்க சார், குரூப்ல போட்டுடறேன்" என்று ஒரு வரி. நீங்கள் வேலைக்கு நடுவில் அதை மேலோட்டமாகப் படிக்கிறீர்கள். தேதி சரி, வந்தவர் பெயர்கள் சரி, உங்கள் பெயருக்கு முன்னால் 'தலைவர்' இருக்கிறது. கட்டைவிரலைத் தட்டி அனுப்பிவிடுகிறீர்கள். அந்தக் கட்டைவிரலுக்கு முன்னால் நீங்கள் ஒதுக்க வேண்டிய இருபது நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பல ஆண்டுகள் ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்து மினிட்ஸ் எழுதியவன் நான். பிறகு வேறு சங்கங்கள் சண்டை முற்றியபின் என்னைக் கூப்பிட்டுப் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்துக் காட்டியிருக்கின்றன. பெரும்பாலான சண்டைகளின் வேர் கூட்டத்தில் இல்லை. கூட்டத்தில் எல்லோரும் கோபப்பட்டார்கள், டீ குடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். நான்கு நாள் கழித்து அந்தக் கூட்டம் காகிதத்தில் எப்படி வந்தது என்பதில்தான் மனம் முறிந்திருக்கிறது. "நான் சொன்னதை எழுதவே இல்லை", "என்னைக் கலகக்காரன் மாதிரி எழுதியிருக்காங்க", "நாங்க இப்படி முடிவே எடுக்கலையே". இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும்.

எழுதுவது செயலாளர் வேலை, அதில் தலைவர் ஏன் தலையிட வேண்டும் என்று சிலர் கேட்பீர்கள். செயலாளர் பெரும்பாலும் விவாதத்தில் ஒரு கட்சி. லிஃப்ட் ஒப்பந்தத்தைக் கொண்டுவருபவர் அவர், லாரித் தண்ணீருக்குப் போன் செய்பவர் அவர், திட்டு வாங்குபவரும் அவர். அதே கையால் கூட்டத்தையும் எழுதும்போது, கெட்ட எண்ணம் துளிகூட இல்லாமலே எழுத்து ஒரு பக்கம் சாயும். இரண்டாவதாக ஒரு கண் வேண்டும். கூட்டத்தை நடத்தியவர், யார் எதைச் சொன்னார் என்று கேட்டவர், முடிவை வாய்விட்டு அறிவித்தவர் நீங்கள். அந்தக் கண் உங்களுடையதாகத்தான் இருக்க முடியும்.

நம் சங்கங்களில் நிறைய 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. ஆனால் வரைவை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு நான் அளவுகோலாக எடுத்துக்கொள்வது கம்பெனிகள் சட்டம், 2013. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அதன் 118-ஆம் பிரிவு இந்த விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. மினிட்ஸ் என்பது நடந்தவற்றின் நியாயமான, சரியான சுருக்கமாக இருக்க வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டமென்றால், ஒவ்வொரு தீர்மானத்திலும் மாறுபட்டவர் பெயர் இடம்பெற வேண்டும். ஒருவரை இழிவுபடுத்துவது, பொருளுக்குச் சம்பந்தமில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதுபவை மினிட்ஸில் சேரக் கூடாது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் முழு அதிகாரம் தலைவருக்குத் தரப்பட்டிருக்கிறது. அதிகாரம் இவ்வளவு பெரியதாக இருப்பதால்தான் அதைப் பயன்படுத்த ஒரு முறை வேண்டும் என்கிறேன்.

வெறுமனே விதிகளைச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு வரைவை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த சில வரைவுகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியது இது. மூன்று பிளாக் கொண்ட பழைய குடியிருப்பு. செயற்குழுவில் ஒன்பது பேர், கூட்டத்துக்கு வந்தவர்கள் எட்டு பேர். கோடைகாலம், லாரித் தண்ணீர்ச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. நான்காவது பொருள் அதுதான். வரைவு இப்படி வந்தது:

"பொருள் 4. தண்ணீர்ச் செலவைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் மீட்டர் பொருத்துவதன் அவசியத்தைச் செயலாளர் திரு. ரா அவர்கள் ஆதாரங்களுடன் தெளிவாக விளக்கினார். பி பிளாக் கோ வழக்கம்போல் எதிர்ப்புத் தெரிவித்து, குழாய் அமைப்பு பற்றிப் பேசி நேரத்தை எடுத்துக்கொண்டார். சி பிளாக்கில் வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் தண்ணீரை வீணாக்குவதாகப் பலர் சுட்டிக்காட்டினர். நீண்ட விவாதத்துக்குப் பின் மீட்டர் பொருத்துவது என ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது."

படிக்கும்போது உறுத்தவில்லை, இல்லையா? இதைப் போன்ற பத்திகள் நம் மினிட்ஸ் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. இனி இதைச் சரிபார்ப்போம். பக்கத்தில் அஜெண்டாவும், கூட்டத்தில் நீங்கள் கிறுக்கிய தாளும் இருக்கட்டும். நினைவை மட்டும் நம்பிச் சரிபார்த்தால், உங்களுக்குப் பிடித்த முடிவுதான் நினைவில் நிற்கும்.

முதலில் விவாதத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் படியுங்கள். நான் இதைத்தான் எப்போதும் முதலில் செய்யச் சொல்வேன். விவாதத்தைப் படித்துக்கொண்டே வந்தால், முடிவு இயல்பானதாகத் தோன்றிவிடும். மேலே உள்ளதில் முடிவு என்ன? மீட்டர் பொருத்துவது, ஏகமனதாக. கூட்டத்தில் நடந்தது என்ன? தலைவரின் தாளில் இருந்தது: "3 கொட்டேஷன், பொதுக்குழுவுக்கு, 4–2–1". அதாவது மீட்டர் பொருத்த முடிவே எடுக்கவில்லை. மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கிப் பொதுக்குழுவின் முன் வைப்பது என்றுதான் முடிவு. நான்கு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு, ஒருவர் நடுநிலை. செலவைப் பங்கிடும் முறையை மாற்றச் செயற்குழுவுக்கு அந்தச் சங்கத்தின் துணைவிதியில் அதிகாரமும் இல்லை.

செயலாளர் பொய் எழுதவில்லை. மீட்டர் வரப்போகிறது என்று அவர் மனதில் முடிவாகிவிட்டது. விலைப்புள்ளி வாங்குவது அவருக்கு வழியில் ஒரு படி, அவ்வளவுதான். "ஏகமனதாக" என்பதும் அப்படியே விரல்பழக்கத்தில் வந்து விழுகிற சொல். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு வீட்டுக்காரர், "செயற்குழுவே தீர்மானம் போட்டு மீட்டர் வாங்கிடுச்சு" என்று பதிவாளரிடம் மனு கொடுத்தால், உங்கள் கையெழுத்துப் போட்ட இந்தத் தாள்தான் சாட்சி. ஆகவே ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: சரியாக என்ன முடிவு, எத்தனை பேர் எந்தப் பக்கம், யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள். இதில் ஒன்று இல்லையென்றாலும் வரைவைத் திருப்பி அனுப்புங்கள். முடிவே எடுக்காமல் தள்ளிவைத்த பொருளென்றால், "ஒத்திவைக்கப்பட்டது" என்ற சொல் இருக்க வேண்டும். நீண்ட விவாதத்தை எழுதிவிட்டு முடிவைச் சொல்லாமல் விட்ட பத்திகள்தான் பின்னாளில் ஆளுக்கொரு அர்த்தம் கொடுக்கும்.

இன்னொன்றும் அந்த வரைவில் காணாமல் போயிருக்கிறது. எட்டு பேர் வந்தார்கள், ஆனால் 4, 2, 1 கூட்டினால் ஏழு. எட்டாமவர் பொருளாளர். மீட்டர் விற்கும் ஒரு கடையில் தன் உறவினர் இருக்கிறார் என்று அவரே சொல்லி, வாக்கெடுப்பின்போது எழுந்து வெளியே போயிருந்தார். நேர்மையாக நடந்துகொண்ட மனிதர். வரைவில் அது இல்லாததால், நாளைக்கு அந்தக் கடையிலிருந்தும் ஒரு விலைப்புள்ளி வந்தால் அவர்மேல்தான் பழி விழும். எண்ணிக்கை வந்தவர் எண்ணோடு பொருந்துகிறதா என்று கூட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. பொருந்தவில்லையென்றால் அங்கே எழுத வேண்டிய ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பொருள்: பாதியில் வந்தவர், பாதியில் போனவர், ஒதுங்கி நின்றவர். கோரம் குறைந்ததா இல்லையா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, இந்த மடலை நான் எழுதக் காரணமான விஷயம். தோற்றவராக உட்கார்ந்து வரைவைப் படியுங்கள். இந்தக் கதையில் நீங்கள் கோ. உங்கள் கருத்து நிற்கவில்லை, எதிர்த்து வாக்களித்தீர்கள். இப்போது இந்தப் பத்தியைப் படியுங்கள். "வழக்கம்போல்." "நேரத்தை எடுத்துக்கொண்டார்." நீங்கள் சொன்னது என்ன என்பது இருக்கிறதா? "குழாய் அமைப்பு பற்றிப் பேசி" என்பதோடு முடிந்துவிட்டது.

கோ உண்மையில் சொன்னது முக்கியமான விஷயம். பழைய கட்டடங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று தனித்தனியாக இறங்கும். ஒரு ஃபிளாட்டுக்கு ஒரே வழியாகத் தண்ணீர் வருவதில்லை. எனவே வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது. குழாய்க்கு ஒன்று வைக்க வேண்டும், அல்லது குழாய்களை மாற்றிப் போட வேண்டும். செலவு இரண்டு மூன்று மடங்காகும். "பிளம்பர் வந்து பார்த்து எழுத்தில் கொடுக்கட்டும்" என்று கேட்டார். மூன்று விலைப்புள்ளி என்ற முடிவே இவர் பேசியதால்தான் வந்தது. அவர் தீர்மானத்தை எதிர்த்ததற்குக் காரணம், விலைப்புள்ளிக்கு முன் பிளம்பர் அறிக்கை வேண்டும் என்பது. வரைவு அவருடைய வாதத்தை அழித்துவிட்டு அவருடைய குணத்தை மட்டும் வைத்திருக்கிறது.

எதிர்த்தவர் சொன்ன காரணம் ஒரு வரியிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருவருக்கும் சம அளவு இடம் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் கால் மணி நேரம் பேசியிருப்பார், சாரம் ஒரே வரியாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்தால் அவரே, "ஆமா, நான் சொன்னது இதுதான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். சந்தேகமாக இருந்தால் அவரையே போனில் கூப்பிட்டு, "சார், நீங்க சொன்னதை இப்படி எழுதியிருக்கு, சரியா?" என்று கேட்டுவிடலாம். இதில் தலைவர் பதவிக்கு எந்தக் குறைவும் இல்லை. முழு வரைவையும் அவருக்கு மட்டும் முன்கூட்டி அனுப்பாதீர்கள், அது இன்னொரு பக்கம் சாய்வது. அவர் வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

எதிர்த்து வாக்களித்தவர் பெயரைப் போடலாமா என்று கேட்பார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் இது கூச்சமான விஷயம். பெயர் வந்தால் பகை வளரும் என்று பயப்படுகிறார்கள். என் கருத்து: அவர் கேட்டால் கட்டாயம் போட வேண்டும். அவரே தன் மாற்றுக் கருத்தை ஒரு வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் அப்படியே சேர்க்க வேண்டும். பணம், ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட தீர்மானமென்றால் கேட்காவிட்டாலும் போடுவது நல்லது. பின்னாளில் நஷ்டம் வந்தால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வியில், எதிர்த்தவருக்கு அந்தப் பெயர்தான் பாதுகாப்பு. மற்ற சாதாரணப் பொருள்களுக்கு எண்ணிக்கை போதும்.

இனி சொற்களுக்கு வருவோம். பென்சிலை எடுத்துக்கொண்டு, ஆட்களுடைய பேச்சைக் குறிக்கும் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். விளக்கினார், சுட்டிக்காட்டினார், எடுத்துரைத்தார் என்பவை ஒரு பக்கத்தில் குவிந்திருக்கும். குறுக்கிட்டார், வாதிட்டார், குறை கூறினார், ஒப்புக்கொண்டார் என்பவை இன்னொரு பக்கம் குவிந்திருக்கும். "சுட்டிக்காட்டினார்" என்றால் அவர் சொன்னது உண்மை என்று நாமே சான்று கொடுத்துவிடுகிறோம். "ஒப்புக்கொண்டார்" என்றால் ஏதோ குற்றம் இருந்தது என்று ஆகிவிடுகிறது. எல்லோருக்கும் "சொன்னார்", "கேட்டார்", "முன்மொழிந்தார்" என்று மாற்றுங்கள். எழுத்து வறட்சியாகத்தான் இருக்கும், இருக்கட்டும். "தெளிவாக", "நியாயமான", "வழக்கம்போல்", "தேவையில்லாமல்" போன்ற அடைகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். செயலாளரைப் பாராட்டும் அடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை மட்டும் விட்டுவைத்தால் சாய்வு அப்படியே இருக்கும்.

இதோடு மரியாதை விகுதிகளையும் பாருங்கள், ஏனென்றால் தமிழில் சாய்வு அங்கேதான் ஒளிந்துகொள்கிறது. அந்த வரைவில் செயலாளர் "திரு. ரா அவர்கள்". எதிர்த்தவர் வெறும் "பி பிளாக் கோ". ஒருவருக்கு 'திரு', 'அவர்கள்' போட்டால் எல்லோருக்கும் போடுங்கள், அல்லது எல்லோருக்கும் எடுத்துவிட்டுப் பதவியும் ஃபிளாட் எண்ணும் மட்டும் வையுங்கள். பெண் உறுப்பினர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஃபிளாட் மனைவி பெயரில் இருக்கும், கூட்டத்துக்கு வந்து பேசியதும் அவரே. மினிட்ஸில் மட்டும் கணவர் பெயர் இருக்கும், அல்லது "ஏ-12 மேடம்" என்று இருக்கும். அவர் தொடங்கிய யோசனை, பிறகு அதையே திருப்பிச் சொன்ன ஒரு ஆணின் பெயரில் பதிவாகியிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் கிறுக்கல் தாளில் முதலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, கூட்டத்தில் இல்லாதவர்கள். "சி பிளாக் மாணவர்கள் தண்ணீரை வீணாக்குவதாகப் பலர் சுட்டிக்காட்டினர்" என்ற வரியை மறுபடி படியுங்கள். அந்த மாணவர்கள் கூட்டத்தில் இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள், செயற்குழுவுக்கு வர முடியாது. புகார் அஜெண்டாவில் இல்லை. 'பலர்' யார், எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஆனால் சி பிளாக்கில் மாணவர்கள் இருப்பது ஒரே வீட்டில்தான் என்பதால், பெயர் போடாமலே எல்லோருக்கும் ஆளைத் தெரியும். மினிட்ஸ் வாட்ஸ்அப் குழுவுக்குப் போன பத்தாவது நிமிடத்தில் வீட்டு உரிமையாளர் கையில் இருக்கும், அன்று மாலையே அவர்களைக் காலி செய்யச் சொல்லும் நிலை வரலாம். காவலாளி, வீட்டுவேலை செய்பவர், லிஃப்ட் மெக்கானிக், முன்னாள் பொருளாளர் என்று இப்படிப்பட்ட வரிகளில் மாட்டுபவர்கள் எப்போதும் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர்கள்தான்.

இந்த வரியை எடுத்துவிட வேண்டும். ஒருவரை இழிவுபடுத்தும்படி எழுதுவதும் எழுதியதைப் பரப்புவதும் அவதூறாகலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் வழக்குக்குப் பயந்து எடுக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எதிர்த்துப் பேச வாய்ப்பில்லாத ஒருவர்மேல் ஒரு குற்றச்சாட்டைச் சங்கத்தின் நிரந்தரப் புத்தகத்தில் எழுதி வைப்பது நியாயமில்லை, அதனால்தான். சங்கம் ஒரு நடவடிக்கை எடுக்க முடிவு செய்திருந்தால், அந்த நடவடிக்கையை எழுதலாம்: "தண்ணீர் விரயம் குறித்த புகார்களை எழுத்தில் பெற்று, சம்பந்தப்பட்ட வீட்டு உரிமையாளரிடம் விளக்கம் கேட்பது." அப்படி ஒரு முடிவு கூட்டத்தில் எடுக்கப்படவில்லையென்றால், சமாதானத்துக்காக அதையும் சேர்க்கக் கூடாது. பராமரிப்புக் கட்டண பாக்கிப் பட்டியலுக்கும் இதே விதிதான். மொத்த பாக்கி எவ்வளவு, நோட்டீஸ் அனுப்ப முடிவானதா என்பது போதும். யார் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று என்று பேசியதெல்லாம் அறைக்குள்ளேயே முடியட்டும்.

உண்மையிலேயே கூட்டத்தில் ரகளை நடந்தால் அதை மறைக்க வேண்டுமா? வேண்டாம். நடந்த செயலை எழுதுங்கள், ஆளின் குணத்தை விட்டுவிடுங்கள். "ஒழுங்கைக் காக்குமாறு தலைவர் இருமுறை கேட்டுக்கொண்டார். கூட்டம் 8.10 முதல் 8.25 வரை ஒத்திவைக்கப்பட்டது." இதைப் படிப்பவருக்கு என்ன நடந்தது என்று புரியும், யாருக்கும் பட்டப்பெயரும் வராது.

இத்தனை திருத்தத்துக்கும் பிறகு அந்தப் பத்தி இப்படி ஆனது:

"பொருள் 4. தண்ணீர்ச் செலவு. ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் மீட்டர் பொருத்தலாம் என்று செயலாளர் முன்மொழிந்து, கடந்த மூன்று மாத லாரிச் செலவு விவரத்தை வைத்தார் (இணைப்பு 1). ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் பல குழாய்கள் தனித்தனியாக இறங்குவதால் ஒரு மீட்டர் போதாது, செலவு பல மடங்காகும், விலைப்புள்ளிக்கு முன் பிளம்பரின் எழுத்துமூல அறிக்கை வேண்டும் என்று பி பிளாக் உறுப்பினர் திரு. கோ சொன்னார். மீட்டர் விற்கும் கடை ஒன்றில் தன் உறவினர் இருப்பதைப் பொருளாளர் தெரிவித்து, வாக்கெடுப்பின்போது வெளியே இருந்தார். முடிவு: மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலைப்புள்ளி பெற்று, பொதுக்குழுவின் முன் வைப்பது. ஆதரவு 4, எதிர்ப்பு 2, நடுநிலை 1. பொறுப்பு: செயலாளர். காலம்: அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன்."

முதல் வரைவைவிட நீளம் சற்றுக் கூடியிருக்கிறது. கோவுக்கும் இதில் மறுப்பில்லை, ரா-வுக்கும் இல்லை. 'பிளம்பர் அறிக்கை' என்ற வார்த்தை புத்தகத்தில் ஏறிவிட்டதால், விலைப்புள்ளி கேட்கும்போது எத்தனை குழாய் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியதாயிற்று. நியாயமாக எழுதிய மினிட்ஸ் வேலையையும் சரியாக நடத்துகிறது.

இனிச் சொல்லப்போவது தலைவர்களுக்குக் கசக்கலாம். வரைவில் நீங்கள் கை வைக்கும் இடங்களையும் சோதிக்க வேண்டும். சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்து தன் பேச்சை மெருகேற்றிக்கொள்வது மிக எளிது. கூட்டத்தில் அரைகுறையாகச் சொன்னதை முழு வாதமாக எழுதிக்கொள்வது, கோபத்தில் சொன்னதை எடுத்துவிடுவது, கூட்டம் முடிந்தபின் தெரியவந்த தகவலைக் கூட்டத்திலேயே சொன்னதுபோல் சேர்ப்பது. இவற்றில் மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது, அதுவே பெரிய தவறும்கூட. பிறகு வந்த தகவல் அடுத்த கூட்டத்துக்கு உரியது. அடைமொழியை எடுப்பது, பெயரைச் சரிசெய்வது, விடுபட்ட எண்ணிக்கையைச் சேர்ப்பது உங்கள் வேலை. முடிவின் பொருளை மாற்றுவது உங்கள் வேலை இல்லை.

எனவே திருத்தங்களை நேரடியாக வரைவில் அடித்து அனுப்பிவிடாதீர்கள். என்ன மாற்றம், ஏன் என்று செயலாளருக்கு எழுதுங்கள், அவர் மாற்றட்டும். முதல் வரைவை அழிக்காமல் வைத்திருங்கள். ஒரு வரியில் இருவருக்கும் ஒத்துவரவில்லையென்றால் கூட்டத்தில் இருந்த மூன்றாமவர் ஒருவரின் குறிப்பைக் கேளுங்கள். ஒலிப்பதிவு இருந்தால், பதிவு செய்வது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தால், அந்த ஒரு பகுதியை மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகும் தீரவில்லையென்றால், செயலாளரின் வாசகத்தோடு வரைவு போகட்டும். உங்கள் ஆட்சேபத்தை மற்ற உறுப்பினரைப் போலவே அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுப்பலாம். இந்த இடத்தில் தலைவரின் அதிகாரம் பெரிது என்பவர்கள் உண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. கூட்டத்தில் தலைவர் பேசிய கருத்து ஒரு உறுப்பினர் கருத்துதான்.

பொருளே உங்களைப் பற்றியதாக இருந்தால், அந்தப் பகுதியைத் துணைத்தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் கார் பார்க்கிங், உங்கள் வீட்டுக் கசிவு, உங்கள்மேல் வந்த புகார், உங்கள் பதவி நீட்டிப்பு எல்லாம் இதில் சேரும். "பொருள் 6-ஐத் துணைத்தலைவர் சரிபார்த்தார்" என்று ஒரு வரி வரைவின் கீழே இருக்கட்டும். நீங்கள் எழுத்தைத் தொடவே இல்லை என்றாலும், தொடவில்லை என்பதை நிரூபிக்க உங்களுக்கு வேறு வழி கிடையாது.

கால அளவு பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனிகளுக்கான செயலகத் தர விதிகளில், கூட்டம் முடிந்த பதினைந்து நாளுக்குள் வரைவு இயக்குநர்களுக்குப் போக வேண்டும், அவர்கள் ஏழு நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நம் சங்கங்களுக்குப் பதினைந்து நாளே அதிகம். ஐந்து நாளுக்குள் வரைவு உங்களிடம் வந்து, அடுத்த இரண்டு நாளில் நீங்கள் பார்த்து முடித்தால், நினைவு ஆறுவதற்குள் குழுவுக்குப் போய்விடும். கூட்டம் முடிந்த அன்று இரவே படித்துத் திருத்த உட்கார வேண்டாம், அன்றைய சூடு எழுத்தில் ஏறும். ஒரு மாதம் தள்ளிப்போட்டாலோ, திருத்தம் கேட்க வருபவரிடம் "அப்படித்தான் சார் பேசினோம்" என்று சொல்லி அனுப்பிவிடும் நிலை வரும்.

அனுப்பும்போது ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'வரைவு – உறுதி செய்யப்படவில்லை' என்று இருக்கட்டும். முதலில் செயற்குழு உறுப்பினர்களுக்கு மட்டும், வராத ஒன்பதாமவருக்கும் சேர்த்து. எல்லா வீடுகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு, அடுத்த கூட்டத்தில் உறுதியான பிறகு. திருத்தம் இருந்தால் ஏழு நாளுக்குள் செயலாளருக்கு எழுத்தில் தர வேண்டும் என்றும், வந்த திருத்தங்கள் எல்லாம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வாசிக்கப்படும் என்றும் அனுப்பும் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே ஒரு திருத்தம் ஏற்கப்பட்டால், புத்தகத்தில் பழைய வரியை வெள்ளை மை பூசி மறைக்காமல், படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, புதிய வரியை எழுதி, நீங்களும் செயலாளரும் தேதியோடு சுருக்கொப்பம் இடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் முன்னாள் செயலாளர்